கேமராவைக் கொஞ்சம் திருப்புங்க

நான் யாரையும் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை. எங்கள் வீட்டுக் கடிகாரம் மதியம் பன்னிரண்டு அடித்தால், எதிர்வீட்டுக் கடிகாரமும் அடிக்கட்டும் என்று காத்திருந்து, அப்புறம்தான் சாப்பிட உட்காருவேன். எதிர்வீட்டில் கடிகாரத்தை விற்ற பிறகு ஒரு வாரம் பட்டினி கிடந்தேன். மருமகள் கண்டுபிடித்து ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தாள். அதையும் அவளுடையதோடு ஒத்துப் பார்த்துத்தான் கட்டுகிறேன்.

அந்த மருமகளுக்குத்தான் வேலைக்கு ஆபத்து வந்தது. அவள் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஷிஃப்ட் மேற்பார்வை பார்க்கிறாள். காய்கறி, மீன், மருந்து எல்லாம் வந்து குளிரில் தூங்கும் இடம். முதலாளி அதை விற்றுவிட்டார். வாங்கினவர் இடித்துவிட்டு கார் நிறுத்தும் இடமாக்கப் போகிறாராம். மகனுக்கு வருவது அரைச் சம்பளம். அவள் வேலை போனால் வீட்டில் அடுப்புதான் குளிர்பதனக் கிடங்கு.

நல்ல வேளையாக, ஊருக்கு வெளியே ஒரு பெரிய நிறுவனம் புதிதாகக் கிடங்கு கட்டிக்கொண்டிருந்தது. மருமகள் விண்ணப்பம் போட்டிருந்தாள். அந்தக் கிடங்குக்கு ஆள் தேடிக் கொடுக்கும் அம்மாளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் விண்ணப்பம் பிடித்திருக்கிறது, நேர்காணலுக்கு வியாழக்கிழமை தலைமை அலுவலகத்துக்கு நேரில் வாருங்கள், பயணச் செலவு உங்களுடையது.

தலைமை அலுவலகம் ஓர் இரவும் அரைப் பகலும் ரயிலில் போக வேண்டிய தூரத்தில் இருந்தது. வேலையோ வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்.

"பக்கத்து வீட்டுக்குப் போகக் கடலைச் சுத்திப் போகச் சொல்றாங்க," என்றேன்.

"போயிட்டு வரதுக்கு மூணு நாள் லீவு வேணும் மாமா. இப்ப லீவு கேட்டா முதலாளி, வேற இடம் பார்க்குறியான்னு கேட்டு இன்னைக்கே கணக்கை முடிச்சிடுவாரு. டிக்கெட் காசும் இல்லை. முதல் சுற்றை வீடியோல வச்சுக்கலாமான்னு கேட்கப் போறேன்," என்றாள்.

மகன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "கேட்காதே. இப்பவே சாக்கு சொல்றாளேன்னு பேரை அடிச்சிடுவாங்க. இவங்களுக்கு வரிசையில பத்து பேரு நிக்கிறாங்க."

"கேட்கலேன்னா நான் போகவும் முடியாது. அப்பவும் பேரு அடிபடும். ரெண்டும் ஒண்ணுதானே?"

அவன் மறுபடியும் தட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான். வாதத்தில் தோற்றால் அவனுக்குப் பசி அதிகம்.

அவள் எழுதியதை எனக்கும் படித்துக் காட்டினாள். அழைத்ததற்கு நன்றி, இந்த வேலையில் எனக்கு மிகுந்த விருப்பம் உண்டு. தூரமும் பயணச் செலவும் காரணமாக வியாழக்கிழமை நேரில் வருவது கடினம். முதல் சுற்றை வீடியோ அழைப்பில் நடத்த இயலுமா? அன்றைக்கே, நீங்கள் சொல்லும் நேரத்தில் தயாராக இருப்பேன். அடுத்த சுற்றுக்குத் தேர்வானால் நேரில் வருகிறேன். அவ்வளவுதான். அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை.

"முதலாளி கெட்டவருன்னு ஒரு வரி சேர்த்துக்கோயேன்," என்றேன்.

"அதைப் படிச்சா, நாளைக்கு நம்மளைப் பத்தியும் இப்படித்தான் எழுதுவான்னு நினைப்பாங்க மாமா."

அனுப்பிவிட்டாள். எனக்குத்தான் அப்போதிலிருந்து ஒரு சந்தேகம். ஆள் தேடுகிறேன் என்று சொல்லிப் பணம் பிடுங்குகிற கூட்டம் நாட்டில் நிறைய. என் பழைய நண்பன் ஒருவனைக் கப்பலில் கேப்டன் வேலை என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள். அவன் மூன்று மாதம் ஒரு ஏரியில் படகு ஓட்டிக்கொண்டிருந்தான். ஏரி வற்றின பிறகுதான் அவனுக்குச் சந்தேகமே வந்தது.

அதனால் நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த எண்ணுக்கே போன் போட்டேன். வரவேற்பில் ஒரு பெண், "ஆமாங்க, அந்த மேடம்தான் எங்களுக்கு ஆள் எடுத்துத் தர்றாங்க. யார்கிட்டயும் பணம் வாங்க மாட்டோம்," என்றாள். குரல் இனிமையாக இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. நிஜமான அலுவலகத்தில் அவ்வளவு இனிமையாகப் பேசுவார்களா?

மறுநாள் அந்த அம்மாளே மருமகளைக் கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"வீடியோன்னா எங்களுக்குக் கொஞ்சம் பயம்மா," என்றாள். "போன மாசம் ஒருத்தர் வாயை மட்டும் அசைச்சாரு, பேசினது வேற ஆளு. வேலைக்கு வந்து நின்னப்ப அவருக்கு வால்வு எதுன்னே தெரியல. அதனாலதான் நேர்ல கூப்பிடுறது."

"நான் எந்த நிபந்தனைக்கும் ரெடி மேடம்."

"சரி. கேமரா முழுக்க ஆன்ல இருக்கணும். காதுல எதுவும் மாட்டக் கூடாது. அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்துல காட்டணும். ரூம்ல நீங்க மட்டும்தான். நான் எப்பச் சொன்னாலும் கேமராவைச் சுத்திக் காட்டணும். எங்க கிடங்குத் தலைவரும் வருவாரு. சந்தேகம் வந்தா அத்தோட முடிச்சுக்குவோம்."

மருமகளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்குச் சந்தேகம்தான் கூடியது. அடையாள அட்டை எதற்கு? ரூமைச் சுற்றிக் காட்டுவது எதற்கு? பீரோ எங்கே இருக்கிறது என்று பார்க்கவா?

வியாழக்கிழமை வெளியே மழை. துவைத்த துணியெல்லாம் படுக்கையறையிலேயே கொடி கட்டித் தொங்கியது. மருமகள் மேசையைச் சுவர்ப்பக்கம் போட்டு மடிக்கணினியை வைத்தாள்.

"மாமா, நீங்க கொஞ்ச நேரம் வெளியில இருங்க. சத்தமே வரக் கூடாது."

"நான் நூலகத்துக்குப் போறேன்மா," என்று குடையை எடுத்துக்கொண்டு வாசல் கதவைச் சத்தமாகத் திறந்து சத்தமாக மூடினேன். உள்பக்கம் நின்றுகொண்டுதான் மூடினேன். அவள் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போன நேரம் பார்த்து, கொடியில் தொங்கின பெரிய போர்வைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கையில் போன். மோசடிப் புகார் எண்ணை அடித்துத் தயாராக வைத்திருந்தேன். அந்த அம்மாள் வங்கி ரகசிய எண் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், பச்சைப் பொத்தானை அழுத்திவிடுவேன்.

அவள் சொல்லவில்லை. அட்டையைப் பார்த்தாள், நன்றி சொன்னாள், கிடங்குத் தலைவர் கேள்வியைத் தொடங்கினார்.

"நாலு அறையில மூணு சரியா இருக்கு. ஒண்ணுல மட்டும் வெப்பம் ஏறுது. முதல்ல எதைப் பார்ப்பீங்க?"

"கதவை சார். சரியா மூடியிருக்கா, ஓரத்து ரப்பர் கிழிஞ்சிருக்கான்னு. சூடான சரக்கு ஏதும் இப்பத்தான் உள்ள வந்துச்சான்னு கேட்பேன். அப்புறம் உள்ள விசிறி சுத்துதா, குளிர்க் குழாய் மேல பனி மூடியிருக்கான்னு பார்ப்பேன். மூணு அறை நல்லா இருக்குறப்ப எடுத்த எடுப்புல கம்ப்ரசரைப் பிரிக்க மாட்டேன்."

பதில் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. பெருமை வந்தால் நான் நிமிர்வேன். நிமிர்ந்தால் என் முழங்கால் பேசும். அந்த முழங்கால் சத்தத்தைக் கேட்டு ஒரு தடவை தெருவில் இருந்த நாயெல்லாம் எலும்பு எங்கே என்று தேடி வந்திருக்கின்றன.

'டக்' என்றது. மருமகள் கண் ஒரு கணம் பக்கவாட்டில் போய் வந்தது.

"யாரும்மா பக்கத்துல?" என்றாள் அந்த அம்மாள்.

"யாரும் இல்ல மேடம். மழைக்கு ஜன்னல் ஆடுது." அவள் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள்.

"கேமராவைக் கொஞ்சம் திருப்புங்க."

திருப்பினாள். கட்டில், பீரோ, ஜன்னல், கொடி. பூப்போட்ட போர்வை. போர்வைக்குக் கீழே இரண்டு கால்கள்.

கால்விரல்களை மடக்கிப் பார்த்தேன். கால்கள் மறையவில்லை.

"மாமா," என்றாள் மருமகள். அந்தக் குரலில் சத்தமே இல்லை. வெண்ணெய் திரண்டு வருகிறபோது தாழியை உடைத்தவன் நான்தான் என்று எனக்கே புரிந்தது. போர்வையை விலக்கி வெளியே வந்து வணக்கம் சொன்னேன்.

"இதுக்குத்தாம்மா நேர்ல வரச் சொன்னது," என்றாள் அந்த அம்மாள். "பதில் சொல்லிக் குடுக்க ஆள் வச்சிருக்கீங்க. கையில போன் வேற. முடிச்சுக்கலாம் சார்."

"மேடம், சத்தியமா இவர் இங்க இருக்குறதே எனக்குத் தெரியாது."

"எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க."

கிடங்குத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருங்க. பெரியவரே, நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா? அப்ப அதே கேள்விக்கு நீங்க சொல்லுங்க. ஒரு அறை மட்டும் சூடாகுது. என்ன பண்ணுவீங்க?"

எனக்குத் தெரியாது என்று சொல்லுகிற பழக்கம் எனக்கு இல்லை. "சம்பந்தியை வரவழைப்பேன்," என்றேன்.

"யாரை?"

"இவ அப்பாவை. அறைக்குள்ள ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைப்பேன். நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சா அவர் முகத்துல ஒரு குளிர்ச்சி வரும் பாருங்க, கல்யாணத்தன்னைக்குப் பந்தியில பாயசம் கட்டியாப் போச்சு. ஒரு மணி நேரம் போதும். ரொம்ப நேரம் விட்டா மீனுக்கு ஜலதோஷம் பிடிக்கும்."

மருமகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். கிடங்குத் தலைவர் சிரிக்கவில்லை. ஆனால் திரையில் அவர் படம் லேசாகக் குலுங்கியது.

"சொல்லிக் குடுக்குற ஆள் இவர் இல்ல மேடம்," என்றார்.

"நடிக்கிறாரோ என்னவோ. போனைக் காட்டுங்க," என்றாள் அந்த அம்மாள். அவளை எனக்கு முதல் தடவையாகப் பிடித்தது. காட்டினேன். திரையில் மோசடிப் புகார் எண்.

"இது யாரைப் பத்திப் புகார் பண்ண?"

"உங்களைப் பத்தித்தான்."

"என்னை நம்பலையா?"

"நீங்க எங்களை நம்பினீங்களா?"

அவள் யோசித்தாள். "சரி. கேமரா முன்னால, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருங்க. கை ரெண்டும் தலைமேல. போன் மேசைமேல. தலைவர் வேற கேள்வி கேட்பாரு."

பள்ளிக்கூடத்தில்கூட அப்படி உட்கார்ந்ததில்லை. முதுகுக்குப் பின்னால் தலைவர் கேட்டார். மின்சாரம் போய், ஜெனரேட்டரும் ஓடாவிட்டால்? கதவுகளைத் திறக்க விடமாட்டேன், அறை அறையாக வெப்பத்தைக் குறிப்பேன், மருந்து வைத்திருப்பவர்களுக்கு முதலில் தகவல் சொல்வேன், மின்சாரம் வந்ததும் எல்லா இயந்திரத்தையும் ஒரே நேரத்தில் போடமாட்டேன், ஒன்றன்பின் ஒன்றாகத்தான் என்றாள். புது மாதிரிக் கட்டுப்பாட்டுப் பெட்டி பற்றிக் கேட்டதற்கு, "அதை நான் தொட்டதில்ல சார், கத்துக்கணும்," என்றாள். என் கை மரத்துப்போனது. முழங்கால் இன்னொரு தடவை பேசியது. இந்த முறை யாரும் கேமராவைத் திருப்பச் சொல்லவில்லை.

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றாங்க," என்றார் தலைவர். "சொல்லிக் குடுக்க ஆள் இருந்தா இதுக்கும் பதில் வந்திருக்கும். அடுத்த வாரம் கட்டட வேலை பார்க்க நானே உங்க ஊருக்கு வரேன். ரெண்டாவது சுற்று அங்கேயே, நேர்ல. சைக்கிள்ல வந்துடுங்க."

"வரேன் சார்."

"தனியா," என்றாள் அந்த அம்மாள்.

அன்று இரவு மருமகள் எனக்குச் சோறு போட்டாள். பேச்சுதான் போடவில்லை. மகன் மட்டும், "நூலகம் எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுத் தட்டுக்குள் போய்விட்டான்.

அடுத்த வாரம் அவள் தனியாகப் போனாள். நான் வாசலைத் தாண்டவில்லை. செருப்பை அவள் எடுத்துப் பூட்டி வைத்திருந்தாள். திரும்பி வந்தபோது கையில் வேலை உத்தரவு இருந்தது. எழுத்து, முத்திரை, கையெழுத்து என்று எல்லாவற்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை.

"உள்ள எல்லாம் சுத்திக் காட்டினாங்களா?" என்று கேட்டேன்.

"காட்டினாங்க மாமா. நாலு அறையும் காலியா இருக்கு, இன்னும் சரக்கு வரல." ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்து முழு வாக்கியம் பேசினாள். "முதல் அறை நடுவுல மட்டும் ஒரு நாற்காலி போட்டிருக்கு. எதுக்கு சார்னு கேட்டேன். அதுக்குத் தலைவர், உங்க அப்பா எப்ப ஊருக்கு வருவாருன்னு என்னைக் கேட்டாரு."

அந்தத் தலைவர் சிரித்துக்கொண்டே கேட்டாராம். எனக்கு என்னவோ அவர் நிஜமாகத்தான் கேட்டிருப்பார் என்று சந்தேகம். மின்கட்டணம் அப்படி.