கொண்டுவந்து போட்டார்

கோயமுத்தூர் கோட்டைமேட்டில் ஒரு வீட்டின் பின் அறையை வாடகைக்கு எடுத்துத் தையல் மிஷின் போட்டிருந்தாள் ஜன்னத். வீட்டுக்காரர் சீனிவாசலு காலி செய்யச் சொல்லி மிரட்டவும், இடைக்காலத் தடை கேட்டு வக்கீல் கோமளாவிடம் போனாள். அவள் சொல்லச் சொல்ல எழுதி, பிரமாண வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்திருந்தார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரரான குமாஸ்தா நஞ்சுண்டன்.

கையெழுத்துப் போட வந்தவளை எதிரில் உட்காரவைத்து, கோமளா அதை உரக்கப் படித்தார்.

“‘பின் அரை’ன்னு இருக்குது. பாதி வீடு கேக்கறீங்களா?”

“ஐயோ, இல்லீங்க. ஒத்தை ரூம்புதானுங்க.”

‘ரை’யை அடித்து ‘றை’ ஆக்கினார். ‘ஒப்பந்தத்தை கடை பிடித்து’ என்றிருந்ததை ‘ஒப்பந்தத்தைக் கடைப்பிடித்து’ என்று சேர்த்தார். இல்லாவிட்டால் இவள் கடை பிடித்ததாக ஆகிவிடுமாம். ‘அவன்’ வந்த இடமெல்லாம் ‘பிரதிவாதி’ ஆனது.

“கோவத்துல சொன்னதுங்க,” என்றாள் ஜன்னத்.

“கோவம் நியாயந்தானுங்கம்மா. கோர்ட்டுல இப்படித்தான் எழுதோணும்.”

ஒரு வரியில் கோமளாவின் குரல் நின்றது. ‘பிரதிவாதி பூட்டைக் கொண்டுவந்து போட்டார்.’

“பூட்டுப் போட்டாச்சா? அப்ப இப்ப எங்க தைக்கறீங்க?”

“அதே ரூம்புலதானுங்க. பூட்டைக் கொண்டாந்துபோட்டாருங்க. நான் வாசல்ல நின்னுட்டேன், திரும்பிப் போயிட்டாரு.”

நஞ்சுண்டன் தலை நிமிர்ந்தார். “அவங்க சொன்னதத்தானே மேடம் எழுதினேன்.”

“தப்பு உங்க மேல இல்லீங்க. எங்க ஊர்ல ‘செஞ்சுபோட்டேன்’னா செஞ்சேன்னுதான் அர்த்தம்; ‘கொண்டாந்துபோட்டாரு’ன்னா கொண்டுவந்தாரு, அவ்வளவுதான். அப்படியே எழுத்துத் தமிழ்ல எழுதுனா, பூட்டி இவங்கள வெளிய அனுப்பிட்டதா ஆகும். இடம் அனுபவத்துல, அதாவது கைவசம், இல்லாதவங்களுக்குத் தடை எப்படிக் கிடைக்கும்?”

கையில் எடுத்திருந்த பேனாவை ஜன்னத் மேசைமேல் வைத்தாள். துணியில் அரை விரற்கடை தப்பினால் பிரித்துத் தைக்கலாம். இதில் கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தால்? அவசரப்படாமல், ஒவ்வொரு வரியையும் அவளிடமே கேட்டுக் கேட்டுத் திருத்தும் அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வரி இப்படி மாறியது: ‘பிரதிவாதி பூட்டைக் கொண்டுவந்தார். நான் தடுத்ததால் திரும்பிச் சென்றார். இன்றும் நானே அவ்வறையில் தையல் தொழில் செய்துவருகிறேன்.’ தான் சொன்னதற்கு மேல் ஒரு சொல் கூடவில்லை, குறையவுமில்லை.

நஞ்சுண்டன் முகம் சுளிக்காமல் முழுவதையும் புதிதாக அடித்தார். பக்கத்து அறை வக்கீல் அரங்கசாமி, “படிச்சுக் காட்டினாங்களா? சொன்னதெல்லாம் நெசந்தானுங்களா?” என்று கேட்டு, அவள் கையெழுத்துக்குச் சான்றொப்பமிட்டார்.

விசாரணையில் சீனிவாசலுவின் வக்கீல், ஜன்னத் எப்போதோ காலி செய்துவிட்டதாக வாதாடினார். நீதிபதி வாக்குமூலத்தைப் புரட்டி அந்தப் பத்தியை மெல்லப் படித்தார். கூட இணைத்திருந்த, அவள் கட்டிய மின்கட்டண ரசீதையும் பார்த்தார். வழக்கு முடியும்வரை அவளை வெளியேற்றக் கூடாது என்று உத்தரவாயிற்று.

கோர்ட் வராந்தாவில் ஜன்னத் கோமளாவின் பக்கத்தில் வந்தாள். “ஏனுங்க மேடம், ஒரு அளவு ரவிக்கை குடுங்க. நல்லா தச்சுத் தாரேன்.”

“குடுக்கறேன். கூலி வாங்கிக்கோணும்,” என்றார் கோமளா.