சங்கீதா பெயரில் இருந்த வரி

எங்கள் மாலை வகுப்பில் வெள்ளிக்கிழமைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்த வாரம் கணினி நிரல் எங்கே தப்பாகப் போனதோ அந்த இடத்தைக் கோகிலா அக்கா சுவரில் பெரிதாகக் காட்டுவார். பிறகு, யார் எதை மாற்றினார்கள் என்று பதிவு வைக்கும் 'கிட்' மென்பொருளில் 'பிளேம்' கட்டளையைக் கொடுப்பார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அதைக் கடைசியாக மாற்றிய கமிட்டின், அதாவது சேமித்த மாற்றத்தின், எண்ணும், மாற்றியவர் பெயரும், தேதியும் வந்து நிற்கும். யார் பெயர் வருகிறதோ அவர் எழுந்து, ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்ல வேண்டும். திட்டு கிடையாது. சுபாஷ் பெயர்தான் அடிக்கடி வரும். அவன் திரையைப் பார்ப்பதற்கு முன்பே எழுந்துவிடுவான்.

"நானாத்தானுங்க இருக்கும். எதுக்கு வீணா கரண்ட செலவு பண்றீங்க?"

எல்லோரும் சிரிப்போம். நான் அதிகம் சிரித்ததில்லை. எந்த வெள்ளிக்கிழமையும் என் பெயர்தான் வரப் போகிறது என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பேன்.

வகுப்பு செம்மேட்டில், ஒரு தொண்டு நிறுவனத்தின் பின்அறையில் நடக்கிறது. அந்த நிறுவனத்தின் நிரலில்தான் நாங்கள் வேலை பழகுகிறோம். மலைக் கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் குறித்த பிரசவ நாளுக்குப் பதினைந்து நாள் முன்பே ஜீப் டிரைவருக்கும் குடும்பத்துக்கும் அது செய்தி அனுப்பும். ஜீப் போய் அந்தப் பெண்ணை ஏற்றி வந்து, ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் விடும்.

போன ஆகஸ்டில் குண்டனி நாடு என்ற மலைப்பகுதியில் ஒரு சிற்றூரில் ராமாயி என்பவருக்குச் செய்தி போகவில்லை. அந்த ஊருக்கு ஜீப் போகாது, ஒற்றையடிப் பாதைதான். மழையில் வலி வந்து, நான்கு பேர் கட்டிலில் தூக்கி வரும்போது பாதி வழியில் குழந்தை பிறந்தது. ரோட்டுக்கு வந்து சேர்வதற்குள் இறந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை சுபாஷ் முந்திக்கொண்டு எழவில்லை. கோகிலா அக்கா நான்கே நான்கு வரிகளைச் சுவரில் காட்டினார். பட்டியலில் பாதை வகை 'நடைபாதை' என்று இருந்தால் அந்த ஊரைத் தாண்டிப் போ என்று அவை சொல்லின. அக்கா பிளேம் கொடுத்தார். நான்கு வரிக்கும் ஒரே எண், ஒரே பெயர், ஜனவரி மாதத் தேதி. பெயர் சங்கீதா.

சங்கீதா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடமாக அதுதான் அவள் இடம். ராமாயி அவளுடைய பெரியப்பா மகள், அதே ஊர். அவள் எழுந்தாள். பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டு திரையில் இருந்த நான்கு வரியையும் படித்தாள்.

"நான் எழுதுனதா எனக்கு ஞாபகமே இல்லீங்கக்கா."

"ஞாபகம் இல்லாட்டி பரவால்ல கண்ணு, உக்காரு" என்றார் அக்கா.

அவள் உட்காரவில்லை. "எங்க ஊருப் பாதைங்கக்கா அது. நானே எப்படி உட்டேன்?"

அந்த வரியைப் பார்த்தபோது எனக்கு ஏதோ தெரிந்த முகத்தைப் பார்த்தது போல இருந்தது. அதை அன்றைக்கு நோட்டிலும் எழுதினேன். 'சங்கீதாவோடு பல தடவை சேர்ந்து வேலை பார்த்ததால் இருக்கும்' என்று பக்கத்திலேயே காரணமும் எழுதி வைத்தேன். அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தடவை திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் நான். திரையில் வேறொருத்தி பெயர் வந்ததும் அத்துடன் விட்டுவிட்டேன்.

வரியை அன்றே நீக்கிவிட்டோம். நடைபாதை ஊர்களுக்கு டிரைவருக்குப் பதிலாக ஊர் சுகாதாரத் தொண்டருக்குச் செய்தி போகும்படி மாற்றினோம். சங்கீதா மறுநாள் ஊருக்குப் போய் ராமாயியிடம் தானே சொன்னாள் என்று கேள்விப்பட்டேன். அதன்பின் அவள் வகுப்புக்கு வந்தது மூன்றே நாள். செப்டம்பரில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். போகிற அன்று செம்மேடு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன்.

"படிப்ப உட்றாத சங்கீதா" என்றேன்.

"எங்கூர்ல எனக்குத் தண்ணி கூடக் குடுக்கறதில்ல மேகலா. படிச்சு யாருக்குச் செய்தி அனுப்பறது?" என்றாள்.

டிசம்பரில் புதிய வகுப்புக்குப் பாடம் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. பிளேம் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். எடுத்துக்காட்டுக்காக அதே கோப்பை, இந்த முறை நான்கு வரியாக இல்லாமல் முழுவதுமாகப் போட்டுப் பார்த்தேன். முதல் பக்கம் சங்கீதா. அடுத்த பக்கம் சங்கீதா. கோகிலா அக்கா எழுதியதை நான் கண்ணால் பார்த்த வரிகளுக்கும் சங்கீதா. எல்லாவற்றுக்கும் அதே எண், அதே ஜனவரித் தேதி. ஒருத்தி ஒரே நாளில் இவ்வளவையும் எழுதியிருக்க முடியாது.

அந்தக் கமிட்டைத் திறந்தேன். 'வடிவமைப்பு மட்டும்' என்று குறிப்பு எழுதியிருந்தாள். அப்போதுதான் நினைவு வந்தது. ஆளுக்கொரு மாதிரி இடம் விட்டு எழுதுகிறோம் என்பதால், நிரல் முழுவதையும் ஃபார்மேட்டரில் ஒருமுறை போட்டு ஒழுங்குபடுத்தும்படி அக்கா ஜனவரியில் சொல்லியிருந்தார். சொன்னது என்னிடம். என் கணினியில் ஃபார்மேட்டர் ஏறவில்லை. "உன்னுதுல ஒரு தட்டு தட்டிடு புள்ள" என்று சங்கீதாவிடம் கேட்டேன். அவள் தட்டினாள். நிரலின் வேலையில் எதுவும் மாறவில்லை. ஆனால் வரிகளுக்கு முன்னால் விடும் இடமும் மேற்கோள் குறிகளும் மாறின, நீளமான வரிகள் உடைந்தன. கிட்டுக்கு அதுவும் மாற்றம்தான். எல்லா வரிக்கும் கடைசியாகத் தொட்டவள் அவள் ஆகிவிட்டாள்.

இப்படிப்பட்ட கமிட்டுகளைத் தாண்டிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது என்று பாடக்குறிப்பிலேயே நான் எழுதி வைத்திருந்தேன், செய்து பார்த்ததில்லை. .git-blame-ignore-revs என்று ஒரு கோப்பு. அதில் புறக்கணிக்க வேண்டிய கமிட்டின் எண்ணை வரிக்கு ஒன்றாக எழுத வேண்டும். முதலில் திரையில் தெரிந்த சுருக்க எண்ணை எழுதினேன். பெயர் செல்லாது என்று கட்டளை நின்றுவிட்டது. முழு எண், நாற்பது எழுத்தும் வேண்டும். ஒட்டியதை இரண்டு தடவை எண்ணினேன். அதன் மேலே '#' போட்டு 'ஃபார்மேட்டர், ஜனவரி' என்று குறிப்பு எழுதினேன். புறக்கணிப்புக் கோப்பாக இதை எடுத்துக்கொள் என்று பிளேமுக்கு அமைப்பில் சொல்லிவிட்டு மறுபடி ஓட்டினேன்.

பக்கம் முழுக்கச் சங்கீதா பெயர் மறைந்து போயிற்று. கோகிலா, சுபாஷ், கோகிலா, மேகலா. அந்த வரியை நாங்கள் ஆகஸ்டிலேயே நீக்கிவிட்டோம், ஆகவே நீக்கியதற்கு முந்தைய கமிட்டில் நின்று பார்க்க வேண்டியிருந்தது. நான்கு வரிக்கும் மேகலா. தேதி, அந்த ஜனவரிக்கு முந்தைய வருடம் ஜூன்.

இந்தக் கோப்பைத் தந்தால் பிளேம் பழைய வரியை ஒப்பிட்டு ஊகித்துத்தான் பெயர் போடுகிறது, தவறவும் வாய்ப்பு உண்டு. தவறியிருக்க வேண்டும் என்று விரும்பினேன். ஃபார்மேட்டர் கமிட்டுக்கு முந்தைய கமிட்டில் நின்று, எந்தக் கோப்பும் தராமல் வெறும் பிளேம் கொடுத்தேன். உடையாத ஒற்றை நீள வரி. மேகலா, ஜூன். அதே கமிட்டில் என் குறிப்பும் இருந்தது: 'டிரைவர் பெயர் இல்லாத ஊர்களில் நிரல் நின்றுவிடுகிறது. இப்போதைக்குத் தாண்டிவிடுகிறேன்.'

கோகிலா அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நின்றபடியே படித்தார்.

"நானுந்தான் நாலு வரியோட நிறுத்துனேன்" என்றார். "அந்தப் புள்ளய எந்திரிக்க வெச்சது நாந்தான். நானும் வாரேன்."

"நான் முதல்ல ராமாயி ஊட்டுக்குப் போய்ச் சொல்லிடறேனுங்கக்கா."

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய் இறங்கி, ஒரு மணி நேரம் நடந்தேன். ராமாயி வீட்டு வாசலில் மரவள்ளிக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னேன். கட்டில் ஒன்று சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. அந்தக் கட்டில்தானா என்று யோசித்தேன், கேட்கவில்லை.

கணினி விவரம் எதுவும் சொல்லவில்லை. "உங்க ஊரத் தாண்டிப் போகச் சொல்லி எழுதுனது நாந்தானுங்க. சங்கீதா அதுக்கு முன்ன பின்ன இடம் உட்டு அடுக்குனா, அவ்வளவுதான். அவ பேரு தப்பா வந்துருச்சு" என்றேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அவ இங்க வந்து என் காலப் புடிச்சு அழுதாளே."

"ஆமாங்க."

"என் வாசப்படி மிதிக்காதன்னு சொன்னேன். அவங்க அம்மா கூடவும் பேச்ச நிறுத்திட்டேன். அப்ப எல்லாம் நீ எங்க இருந்த?"

"செம்மேட்டுலதானுங்க."

அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைப்பதும் எனக்காகத்தான் என்று பட்டது. அவர் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தார். "போனப் போடு அவளுக்கு."

வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை மேல் ஏறினால்தான் டவர் கிடைக்கும். ஏறினோம். சங்கீதா உடனே எடுத்தாள். பின்னால் தையல் மெஷின்களின் சத்தம். ராமாயி போனை வாங்கிக்கொண்டார்.

"கண்ணு, ராமாயி அக்கா பேசறேன். அது நீ இல்லையாமா."

சத்தம் தூரமானது. அவள் வெளியே வந்திருக்க வேண்டும். ஏதோ கேட்டாள்.

"இங்கதான் நிக்கறா" என்று ராமாயி போனை என்னிடம் நீட்டினார்.

முழுவதையும் வரிசையாகச் சொன்னேன்.

"அடுக்குனது மட்டுந்தான் நானா?"

"ஆமா. அதுவும் நான் கேட்டதால."

"அன்னிக்கு என் பக்கத்துலதான உக்காந்திருந்த?"

"எனக்கு ஞாபகம் வரல சங்கீதா. நெசமா வரல." சொன்ன பிறகு, அது நிஜமா என்று எனக்கே உறுதியாக இல்லை. நோட்டில் எழுதிய அந்தத் தெரிந்த முகம் பற்றியும் சொன்னேன்.

"எனக்கு ஞாபகம் வந்துச்சு" என்றாள். குரல் மெதுவாக இருந்தது. "வரலைன்னு தான மொதல்ல சொன்னேன். அப்பறம் தெனமும் யோசிச்சேன். எந்த நாள், என்ன சட்டை போட்டிருந்தேன், எந்த நெனப்புல எங்கூர உட்டேன்னு எல்லாம் வந்துருச்சு. எங்கம்மாகிட்ட அத அப்படியே சொன்னேன். இப்ப அதெல்லாம் நடக்கவே இல்லீங்கற."

"சங்கீதா..."

"பொங்கலுக்கு ஊட்டுக்கு வாரேன். அக்காகிட்ட சொல்லிரு. உன்னப் பாக்க வரல மேகலா. கோவம்னு இல்ல. உன் பக்கத்துல உக்கார முடியாது." போன் நின்றது.

"என்ன சொன்னா?"

"பொங்கலுக்கு வாராளாம்."

"உங்கிட்ட?"

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

ராமாயி பாறையிலிருந்து இறங்கினார். வீட்டுக்குள் போய் நாட்காட்டியைக் கழற்றிக் கொண்டு வந்தார். "அவ நம்பர இதுல பெரிசா எழுது. எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

பத்து எண்ணையும் எழுதினேன். போனோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். அவர் அதை ஆணியில் மாட்டிவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இனி நான் பேசிக்கறேன். மூணு மணி பஸ்ஸ உட்டா அப்பறம் ஆறுக்குத்தான். நீ போ சாமி."