கோபுரம் இல்லாத படம்

எனக்கு வாய் நீளம். அதனால்தான் தனுஜாவின் வேலை போயிற்று.

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் எங்கள் அலுவலகத்தின் வேலை, கணினிக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுப்பது. அந்த மாதம் பாலங்கள்; ஒவ்வொரு படத்துக்கும் அது என்ன வகை என்று போட வேண்டும். தூண்கள்மேல் நேராகப் படுத்திருந்தால் பீம். வளைந்து தாங்கினால் ஆர்ச். முக்கோண முக்கோணமாக இரும்புச் சட்டம் என்றால் டிரஸ். கோபுரத்திலிருந்து கம்பிகள் நேரே தளத்துக்கு இறங்கினால் கேபிள் ஸ்டேய்ட். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே பெரிய வடம் தொய்ந்து, அதிலிருந்து கம்பிகள் செங்குத்தாகத் தளத்தைப் பிடித்தால் தொங்குபாலம்.

தனுஜா ஒப்பந்த ஊழியர். புருஷன் பக்கவாதத்தில் படுக்கை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரியாக இருந்தால்தான் அடுத்த ஒப்பந்தம். அவள் வேலையைச் சரிபார்ப்பவள் நான், ஜெகதீஸ்வரி.

நம்ம பினாங்குப் பாலத்தின் படங்கள் நாற்பது வந்தன. எல்லாவற்றுக்கும் பீம் என்று போட்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னம்மா இது? பினாங்குல பொறந்துட்டு நம்ம பாலம் தெரியாதா? தினம் பஸ்ல வர்றியே, கம்பி கண்ணுல படலயா?”

“படத்துல கம்பி இல்லக்கா. கோபுரமும் இல்ல.”

“அது நடுக்கடல்ல இருக்குலா! எல்லாத்தையும் கேபிள்னு மாத்து. சும்மா எதுத்துப் பேசாத.”

மாற்றினாள். நாற்பதையும் அவள் கையாலேயே.

ஒரு வாரம் கழித்து மேலாளர் ஹைருல் கூப்பிட்டார். நாற்பதும் தவறாம். படத்தில் தெரிவதைத்தான் எழுத வேண்டும், ஊருக்குத் தெரிந்ததை அல்ல. அந்தப் படங்களில் இருந்தது கரையோரப் பகுதி, வெறும் தூண்களும் தளமும். பீம்தான். தனுஜாவுக்குத் தொண்ணூற்றொன்று.

“நான்தான் மாத்தச் சொன்னேன்” என்றேன்.

ஹைருல் திரையைத் திருப்பிக் காட்டினார். கடைசியாகப் போட்ட பதில் மட்டும்தான் அதில் நிற்கும். முதலில் போட்டது அழிந்துவிடும். பெயர் தனுஜாவுடையது. “நான் மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தேன், அக்கா. கேட்க மாட்டேன் என்கிறார்கள். இன்று காலையே அவள் கணக்கை மூடிவிட்டார்கள்” என்று மலாயில் சொன்னார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம்கூட இல்லை. அட கடவுளே, அதையாவது கொடுத்திருக்கலாம்.

படிக்கட்டில் நின்று தனுஜாவுக்குப் போன் போட்டேன். பின்னால் அவள் புருஷன் முனகுவது கேட்டது.

“என்னை மன்னிச்சிரும்மா. என்னாலதான்.”

“விடுங்கக்கா. நீங்க வேணும்னா செஞ்சீங்க?” பிறகு மெல்லக் கேட்டாள். “அக்கா, அப்போ நான் மொதல்ல போட்டது சரியா?”

“நாற்பதும் சரிம்மா” என்றேன்.

அப்போதுதான் அவள் அழத் தொடங்கினாள்.