நாற்பத்தொன்றாம் பக்கம்

மூன்று கைகள் ஒருசேர உயர்ந்தன. தலைவர் கேட்டு வாய் மூடுவதற்குள் உயர்ந்துவிட்டன. சேதுபதி பென்சிலைப் பிடித்தபடியே உறைந்துபோனான். ஒரு மணி நேரமாவது வாதம் நடக்கும் என்று நம்பித்தான் அவன் அன்று வந்திருந்தான். எதிர்ப்பதற்கான ஏழு காரணங்களை எழுதிய தாள் அவனுடைய சட்டைப் பையில் இருந்தது.

1957-ஆம் ஆண்டு, செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. காஜா பேராங் தமிழ்ப் பள்ளியின் இரண்டாம் வகுப்பறையில் பெஞ்சுகளை எதிரெதிரே போட்டு நிர்வாகக் குழு கூடியிருந்தது. வாக்குரிமை உள்ளவர்கள் நால்வர்: தலைவர் கலியாணசுந்தரம், மளிகைக் கடைக்காரர் அப்துல் கய்யூம், பொதுப்பணித் துறையில் கூலியாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்த பொன்னுதுரை, செயலாளர் சேதுபதி. ஆசிரியர்களின் சார்பில் பாக்கியலட்சுமி டீச்சர் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பேச உரிமை உண்டு, வாக்கு இல்லை.

மலாய் நாடு சுதந்திரம் பெற்று மூன்று வாரம் ஆகியிருந்தது. அரசின் முழு உதவியை ஏற்கும் பள்ளியாக மாறுவதற்கென்று தலைவர் ஒரு சீரமைப்புத் திட்டத்தைத் தம் கையாலேயே எழுதியிருந்தார். அதில் ஓரிடத்தில், பயிற்சிச் சான்றிதழ் இல்லாத ஆசிரியரின் பணி டிசம்பரோடு முடியும் என்று ஒரு விதி வந்தது. பள்ளியில் அப்படிப்பட்டவர் ஒருவர்தான். ஜப்பான்காரன் போன மறு வருஷம் ஆறு பிள்ளைகளைத் தேடிப் பிடித்து இதே அறையில் பாடம் தொடங்கிய பாக்கியலட்சுமி டீச்சர்.

அந்த விதியை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று சேதுபதி தவித்தான். குழுவினர் உழைத்துக் களைத்தவர்கள். அவ்வளவு நீண்ட அறிக்கையை எவரும் முழுதாகப் படிக்கமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே அழைப்புக் கடிதத்திலேயே வழி சொல்லிவிட்டான்: "திட்டம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. முதல் பக்கத்தில் சுருக்கம் உள்ளது. நாற்பத்தொன்றாம் பக்கத்தை அவசியம் படித்து வாருங்கள். கூட்டத்தின் முடிவு அதைப் பொறுத்தது. மற்றவற்றை நேரம் இருந்தால் பார்த்தால் போதும்." பத்து நாள் முன்னதாகவே கடிதமும் அறிக்கையும் அவரவர் வீடு போய்ச் சேர்ந்தன.

இப்போதோ மூன்று கைகள் மேலே இருந்தன.

"தீர்மானம் நிறைவேறியது," என்றார் தலைவர். "செயலாளர் மட்டும் கை தூக்கலையே. எழுதிக்கங்க, தம்பி."

"ஐயா, ஒரு நிமிஷம்." சேதுபதி பென்சிலைக் கீழே வைத்தான். "நாற்பத்தொன்றாம் பக்கத்தை எல்லாரும் படிச்சீங்களா?"

"என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீங்க!" என்றார் கய்யூம். "மூணு தடவை படிச்சேன். கடையில வெச்சு ஒரு தடவை, ராத்திரி வீட்டுல ஒரு தடவை. அஸ்மாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி வேற கேட்டேன். எம்மக என்னைப் பாத்துச் சிரிக்கிறா."

"சிரிச்சாளா?"

"பின்னே? கக்கூஸுக்கு ஆறடி நீளம், நாலடி அகலம், தகரக் கூரைன்னு போட்டிருந்தா சிரிக்காம என்ன செய்வா? இதுல என்ன வாப்பா இருக்குன்னா. நமக்குத் தெரியாத ஏதோ சூட்சுமம் இருக்கும், படிச்ச பிள்ளை சும்மா எழுதுவாரான்னு நான்தான் அதட்டி வெச்சேன்."

பொன்னுதுரை தொடையைத் தட்டிக்கொண்டார். "நான் பலகைக்கே சொல்லி வெச்சுட்டேன், கய்யூம் நானா! முடிவே அதைப் பொறுத்ததுன்னு எழுதியிருந்தாரே. புக்கிட் பாருல ஒரு மரக்கடைச் சீன முதலாளி, தவ்கேகிட்ட பேசியாச்சு."

சேதுபதி மேசையிலிருந்த அறிக்கையை இழுத்துப் பிரித்தான்.  நாற்பத்தொன்றாம் பக்கம்: கழிப்பறைகளின் அளவுகள். அவன் பின்னோக்கிப் புரட்டினான். ஆசிரியர் பணி பற்றிய விதி இருபத்தொன்பதாம் பக்கத்தில், ஐந்தாம் வரியில், அமைதியாகக் கிடந்தது.

 தலைவரின் கைப்பிரதி எண்பத்திரண்டு பக்கம். அதைப் பார்த்துத்தான் அவன் அழைப்புக் கடிதத்தை எழுதினான். தட்டச்சு செய்பவர் ஸ்டென்சிலில் நெருக்கி அடித்து உருட்டிப் படிகள் எடுத்தபோது எண்பத்திரண்டு ஐம்பத்தெட்டாகச் சுருங்கிவிட்டது. சுருக்கம் மட்டும் முதல் பக்கத்திலேயே நின்றது. அதைப் பார்த்துவிட்டுத்தான், மற்ற எண்ணும் சரியாக இருக்கும் என்று அவன் உறையை ஒட்டியிருக்க வேண்டும்.

"தப்பு என்னோடது," என்றான். "நான் சொன்னது இந்தப் பக்கத்தை இல்லை." இருபத்தொன்பதாம் பக்கத்தின் ஐந்தாம் வரியை உரக்கப் படித்தான்.

கய்யூம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "யா அல்லா. இதுக்கா நான் கை தூக்கினேன்?"

பொன்னுதுரை டீச்சரைப் பார்க்க முயன்று, முடியாமல், சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"ஐயா," சேதுபதி தலைவரிடம் திரும்பினான், "இதை எழுதினவர் நீங்க. எண் மாறியிருக்குன்னு உங்களுக்குக் கூடவா தெரியலை?"

"தெரிஞ்சுது." கலியாணசுந்தரம் கண்ணாடியைத் துடைத்தார். "அந்த விதியை எதிர்க்க வேணாம்னு நீங்களே ஒதுக்கிட்டீங்கன்னு நெனச்சேன். எந்தப் பக்கம் முக்கியம்னு சொல்றது செயலாளர் வேலை. நான் ஏன் குறுக்கே வரணும்?"

அந்தப் பதிலில் பொய் இல்லை. அதனால்தான் அது சேதுபதியை இன்னும் வலுவாக அறைந்தது.

"மறுபடியும் எடுங்க, தலைவரே," என்றார் கய்யூம். "தெரியாமப் போட்ட கையி. கூட்டம் இன்னும் கலையலை."

 தலைவர் விதியைத் தனியாகப் பிரித்து வாக்குக்கு விட்டார். அதற்கு ஆதரவாக அவருடைய கை ஒன்றுதான் உயர்ந்தது. எதிராக மூன்று. பொன்னுதுரை இரண்டு கையையும் தூக்கிவிட்டு ஒன்றை இறக்கினார். மற்றபடி திட்டம் அப்படியே இருக்க, விதி மட்டும் நீக்கப்பட்டது.

சேதுபதி நிமிர்ந்தான். காலையிலிருந்து ஒரு சொல்லும் பேசாத பாக்கியலட்சுமி டீச்சரை அப்போதுதான் நேராகப் பார்த்தான். அவர் முகத்தில் மகிழ்ச்சியின் சாயலே இல்லை. அடிபட்டவரைப் போல வெறித்திருந்தார்.

"டீச்சர், நீங்க இதைப் படிக்கலையா?"

"படிச்சேன். ஐம்பத்தெட்டு பக்கமும் படிச்சேன், சேது."

"படிச்சுமா சும்மா உக்காந்திருந்தீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"என்னத்தைக் கேக்குறது?" குரல் உயரவில்லை. "இருபத்தொன்பதுல என் வேலை போகுது. நீங்க எல்லாரையும் நாற்பத்தொன்றைப் படிக்கச் சொல்றீங்க. மற்றது நேரம் இருந்தாப் போதும்னு உங்க கையெழுத்தோட வருது. எம்மூஞ்சியைப் பாத்துச் சொல்லக் கூசி, பேசாமக் கழிச்சு விடுறீங்கன்னு நெனச்சேன். இன்னிக்கு மூணு கையும் எழும்பினதைப் பாத்ததும், அதுவே சரின்னு ஆயிடுச்சு."

"சத்தியமா இல்லை, டீச்சர்!"

"இப்பத் தெரியுது."

"அப்புறம் என்ன? விதிதான் போயிடுச்சே!"

  அவர் மடியிலிருந்த கைகளையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளியில ஆள் கேட்டிருந்தாங்க. வியாழக்கிழமை போய் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். ரெண்டு வருஷம். அங்க வாத்தியாரே இல்லாம நாற்பது பிள்ளைங்க. வர்றேன்னு அதுங்ககிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

 தலைவர் கண்ணாடியை மாட்ட மறந்திருந்தார்.

"குறிப்புல இதையும் எழுதணுமில்ல?" என்றார் டீச்சர். "மாசக் கடைசியோட விலகுறேன்னு."

சேதுபதி பென்சிலை எடுத்தான். தேதியை எழுதினான். அவருடைய பெயரை எழுதினான். அதற்கு மேல் எழுத்து எதுவும் வரவில்லை. டீச்சர் எழுந்து வந்து, அவன் கையிலிருந்து பென்சிலை வாங்கி, மீதி வரியைத் தாமே எழுதி முடித்தார்.