மேலே இல்லாத தேதி

தோசை மாவு வாளிக்குள் விழுந்த கடிதத்தை யாராலும் காப்பாற்ற முடியாது. நல்லவேளை, புஷ்பவள்ளியக்கா அதற்கு முன்பே கைபேசியில் படம் பிடித்திருந்தார். தம்போய் வட்டாரத்தில் அவர் நடத்தும் தோசைக் கடையின் லைசென்ஸை ரத்து செய்யப்போவதாக வந்த கடிதம் அது. ஆட்சேபம் இருந்தால் ‘மேலே உள்ள தேதியிலிருந்து’ பதினான்கு நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டுமாம். அன்று பதினைந்தாவது நாள்.

லைசென்ஸ் அலுவலகக் கவுண்டரில் படத்தை மட்டும் காட்டினால் போதாது. அதில் உள்ளதை உள்ளபடி தட்டச்சு செய்து, செய்தவர் கையெழுத்தும் போட வேண்டும். அதற்குத்தான் என் போட்டோஸ்டேட் கடைக்கு வந்தார். கூடவே வந்தார் அவர் கணவரின் அண்ணன் ராஜசேகரன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். என் பொறுமையைச் சோதிக்கவே பிறந்த மனிதர்.

படத்தைப் பார்த்து வரிசையாக அடித்தேன். அலுவலக முகப்பு, அக்காவின் பெயர், முகவரி, பொருள், விஷயம், நன்றி, அதிகாரியின் பெயர். எல்லாவற்றுக்கும் கீழே, அடிமட்டத்தில், தேதி.

“என்ன ரசியா இது? தேதி மேல வரணும் லா! மூணாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும்.”

“சார், அவங்க கீழ போட்டிருக்காங்க. இருக்கிற இடத்துலதான் நான் அடிப்பேன்.”

“தப்பைத் தப்பாவே அடிப்பியா?”

“அடிப்பேன் சார்!”

மனிதர் விடவில்லை. அவர் வாயை அடைக்கத் தேதியை மேலே ஏற்றி இன்னொரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். அதில் நான் கையெழுத்து போடவில்லை. அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூவரும் அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டரில் மூர்த்தி என்ற அதிகாரி. ஆட்சேபத்தை வாங்கிக்கொண்டு, என் பிரதியையும் கைபேசிப் படத்தையும் விரல் வைத்து வரி வரியாக ஒப்பிட்டார். ‘மேலே உள்ள தேதி’ வந்ததும் விரல் மேலே போனது. முகப்புவரை போய்த் திரும்பி வந்தது.

“மேல தேதியே இல்லையே?”

“படத்துலயும் இல்ல சார்,” என்றேன்.

“அலமாக்! அப்ப பதினாலு நாள் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. சரியான கடிதம் நாங்க மறுபடி அனுப்பணும். அதுவரைக்கும் கடையைப் போடுங்க.” முத்திரையைக் கையில் எடுத்தார்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

தலைமையாசிரியருக்கு மட்டும் தாங்கவில்லை. “தம்பி, முறையான கடிதம் எப்படி இருக்கணும்னா...” என்று சட்டைப்பையிலிருந்து, தேதி மேலே ஏறிய அந்தத் தாளை உருவினார்.

‘மாமா’ என்று மரியாதையோடு அழைப்பதைத் தவிர அவர் எதிரே நிமிர்ந்தும் பார்க்காத புஷ்பவள்ளியக்கா, அதை அப்படியே பிடுங்கிக் கசக்கி வாயில் போட்டுக்கொண்டார்.

மூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். “என்னம்மா சாப்பிடுறீங்க?”

வாயைத் திறக்காமல் அக்கா முத்திரையை நோக்கிக் கைகாட்டினார். அது தாளில் விழும்வரை மென்றுகொண்டே இருந்தார்.