அடுத்த சொல் தெரிந்தவர்கள்

வக்கீல் தன் அலுவலக வாசலில் புதுப் பலகை மாட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. ‘இங்கு தயாராகும் ஒவ்வொரு ஆவணமும் மனித மூளையில் பிறந்தது’ என்று பித்தளை எழுத்தில் இருந்தது. அதற்குச் சாட்சியாக ஒரு சோதனை மென்பொருளைச் சந்தா கட்டி வாங்கியிருந்தார். எழுதியது மனிதனா இயந்திரமா என்று அது சொல்லிவிடும். அந்த அறிக்கையை ஒவ்வொரு பத்திரத்தோடும் இணைத்து, மேலே தன் முத்திரையைக் குத்துவார். குத்தும்போது நெஞ்சு கொஞ்சம் முன்னால் வரும்.

கடிகாரக்காரம்மாவின் உயில்தான் முதலில் மாட்டியது.

அவள் கணவனுக்குப் பிறகு இருபது வருடம் கடிகாரப் பழுது கடையை நடத்தியவள். இப்போது நுரையீரல் கைவிட்டு, வீட்டிலேயே ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தாள். கூட இருந்து பார்த்துக்கொண்டது தங்கை மகள். வீடு அவளுக்கு, மற்றதெல்லாம் மகனுக்கு. அவ்வளவுதான் உயில். தலைப்பில் தானும் கணவனும் தினம் சொல்லிய வேத வரி ஒன்றும், கடைச் சுவரில் அவர் மாட்டியிருந்த ஒரு மகானின் பொன்மொழியும் வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

டைப்பிஸ்ட் அம்மா வழக்கமான வாசகங்களோடு அடித்துச் சோதனையில் போட்டாள். திரை முழுவதும் சிவப்பு. தொண்ணூற்றாறு விழுக்காடு இயந்திரம் எழுதியது என்று வந்தது.

வக்கீல் மென்பொருள் நிறுவனத்துக்குப் போன் போட்டார். மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாகப் பேசினாள்.

“சார், அது ஒவ்வொரு சொல்லுக்கு அப்புறமும் அடுத்து என்ன வரும்னு ஊகிச்சுப் பார்க்கும். ஊகிச்சதே திரும்பத் திரும்ப வந்தா, மிஷின் எழுதினதுன்னு சொல்லிடும். ஏன்னா மிஷினும் பெரும்பாலும் அப்படி ஊகிக்கிற சொல்லைத்தான் போட்டு எழுதுது.”

“இது வேத வரிம்மா. சாமி சொன்னது.”

“சாமி சொன்னதை ரொம்பப் பேர் காப்பி பண்ணிட்டாங்க சார். அது படிச்சுப் பழகின எழுத்துல அந்த வரி ஆயிரக்கணக்குல இருந்திருக்கும். மனப்பாடம் ஆனதை ஊகிக்க என்ன கஷ்டம்? யார் எழுதினாங்கன்னு அதுக்குத் தெரியாது. கேட்ட மாதிரி இருக்கான்னுதான் தெரியும். பொன்மொழி, வேதம், சட்ட வாசகம் இதையெல்லாம் எடுத்துட்டு மீதியைச் சோதிங்கன்னு கையேட்டுலயே போட்டிருக்கோமே.”

“அதையெல்லாம் எடுத்துட்டா உயில்ல மீதி என்னம்மா இருக்கும்?”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. பலகை பித்தளையாயிற்றே.

“சொந்தமா எழுதுங்க,” என்றார் டைப்பிஸ்ட் அம்மாவிடம். “உயிரோட்டமா இருக்கணும்.”

“சாமி வரியையுமா சார்?”

“கருத்து மாறாம.”

அவள் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். கடவுளின் வாக்கில் இரண்டு சொல்லை இடம் மாற்றினாள், மகானை வேறு சொற்களில் பேசவைத்தாள். ‘சர்வ சுதந்திரமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்ற பழைய வரி இருந்த இடத்தில், ‘என் தங்கை மகள் இந்த வீட்டில், கடிகாரங்கள் ஓடும் சத்தம் கேட்டபடி, நிம்மதியாக இருக்கட்டும்’ என்று எழுதினாள். அந்த வரி அவளுக்கே பிடித்திருந்தது. சோதனையில் போட்டாள். பதினான்கு விழுக்காடு. வக்கீல் எழுந்து நின்று அறிக்கையை வாங்கிக்கொண்டார்.

அன்று மதியம் அவள் நகலை வைக்க ஆவண அறைக்குப் போனாள். ஜன்னல் இல்லாத அறை. முப்பது வருட உயில்கள் இரும்பு அலமாரிகளில் அடுக்கியிருந்தன. எழுதியவர்கள் யாரும் இன்று இல்லை. ஒரு சந்தேகத்தில் பழையது ஒன்றை எடுத்தாள். தட்டச்சுப் பொறியில் அவளே அடித்தது. அந்தக் காலத்தில் தானே எழுதுகிற இயந்திரம் என்று ஒன்று கிடையாது. ஸ்கேன் செய்து சோதனையில் போட்டாள். தொண்ணூற்றைந்து. இன்னொன்று, தொண்ணூற்றேழு. ஒரு மாவு மில் முதலாளி, ஒரு பள்ளி ஆசிரியை, தற்கொலை செய்துகொண்ட ஒரு பல் டாக்டர். எல்லோருமே சிவப்பு. எல்லோரும் ஒரே குரலில், ‘யாருடைய தூண்டுதலும் இன்றி, முழு சுயநினைவோடு’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மென்பொருளுக்கு அடுத்த சொல்லைச் சொல்லிக் கொடுத்தவர்கள் இவர்களும், இவர்களைப் போன்றவர்களும்தானே என்று அவளுக்குத் தோன்றியது. செத்தவர்கள் ஒரே வரியைச் சேர்ந்து சொல்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு, இங்கே மனிதர் யாரும் இல்லை என்கிறது அது.

கடைசித் தட்டில் டைப்பிஸ்ட் அம்மாவின் சொந்தக் கணவனின் உயில் இருந்தது. அதையும் போட்டாள். தொண்ணூற்றெட்டு. அவள் பெயரும் கதவு எண்ணும் மட்டும் வெள்ளையாக நின்றன.

‘இந்த மனுஷன் உயில்லகூட எனக்குன்னு ஒரு வார்த்தை சொந்தமா எழுதல’ என்று நினைத்துக்கொண்டே படித்தாள். விற்கவும், அடமானம் வைக்கவும், தானம் செய்யவும், எவ்விதத் தடையுமின்றிச் சர்வ சுதந்திரமாக... அங்கே நின்றாள். பதினெட்டு வருடத்துக்கு முன்னால், அவர் இறந்த கையோடு, கொழுந்தன் பெட்டியோடு வந்து, “அண்ணி சும்மா இருந்துக்கட்டும், வீடு எங்களோடது” என்று சொன்னதும், இந்த உயிர் இல்லாத வரியைப் பார்த்துவிட்டு அவன் வக்கீலே அவனைக் கூட்டிக்கொண்டு போனதும் ஞாபகம் வந்தன.

இருந்துக்கட்டும். இருக்கட்டும்.

அவள் எழுதிய அழகான வரியில் தங்கை மகள் குடியிருக்கலாம், அவ்வளவுதான். வீடு யாருக்கு என்று அது சொல்லவில்லை. ‘மற்றதெல்லாம்’ மகனுக்கு.

வக்கீல் அறைக்குப் போனாள். அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். “நீங்க சொல்றதுல பாயிண்ட் இருக்கு. ஆனா தொண்ணூத்தாறுன்னு போட்டு நான் எப்படிம்மா முத்திரை குத்துறது? வெளியில பலகை இருக்கு.”

மறுநாள் காலை கையெழுத்து. டைப்பிஸ்ட் அம்மா கைப்பையில், சோதனையில் சிவப்பாக வந்த முதல் உயிலையும் மடித்து வைத்துக்கொண்டாள்.

கடிகாரக்காரம்மாவின் படுக்கைக்கு மேலே ஒன்பது கடிகாரங்கள், ஒன்பதும் ஒரே நேரம். சாட்சிகள் இருவரும் வந்திருந்தார்கள். தங்கை மகளை வெளியே இருக்கச் சொன்னார் வக்கீல். பிறகு மேடையில் படிப்பதுபோலப் படித்தார்.

முதல் வரியிலேயே கடிகாரக்காரம்மா கையைத் தூக்கினாள். “வக்கீலய்யா, கடவுளுக்கே திருத்தம் போட்டிருக்கீங்களா?”

“கருத்து அதேதாம்மா.”

“நாங்க ரெண்டு பேரும் நாப்பது வருஷம் சொன்ன வரி. இப்படிச் சொன்னா அவருக்கு நான்தான் பேசறேன்னு தெரியாது.”

வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தார். ‘நிம்மதியாக இருக்கட்டும்’ வந்தது. டைப்பிஸ்ட் அம்மா கைப்பையிலிருந்து சிவப்பு உயிலை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“அம்மா, அந்த வரி நான் எழுதினது. கேக்க நல்லா இருக்கும். ஆனா அதை வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு வீட்டை விக்க முடியாது, உங்க பையன் வெளியில போன்னு சொன்னா நிக்க முடியுமாங்கிறதும் சந்தேகம். எல்லாரும் எழுதற பழைய வரி இதுல இருக்கு.”

வக்கீல் அவளைப் பார்த்த பார்வையில் வேலை போய்விட்டதுபோல இருந்தது. “அது தொண்ணூத்தாறு சதவீதம் மிஷின்னு ரிப்போர்ட் வந்திருக்கும்மா,” என்றார்.

கடிகாரக்காரம்மா மூச்சு வாங்கிக்கொண்டாள். “எல்லாரும் சொல்லிட்டுப் போனதுதானே? நானும் அவங்ககூடத்தானே போறேன். குடும்மா.”

சிவப்பு உயிலில் கையெழுத்துப் போட்டாள். சாட்சிகளும் போட்டார்கள். அறிக்கையில் வக்கீல் முத்திரை குத்தவில்லை, அறிக்கையையே இணைக்கவில்லை. ஆறாம் நாள் அவள் இறந்தாள்.

மகன் தன் வக்கீலோடு வந்தான். அந்த வக்கீல் வாசல் பலகையை ஒருமுறை படித்துவிட்டு உள்ளே வந்து, சர்வ சுதந்திரம் வரை விரல் வைத்துப் படித்தார். திரும்பவும் படித்தார். “இதுல நுழைய இடமே இல்லப்பா,” என்று மகனிடம் சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்துக் கொடுத்தார்.

பலகை இன்னும் இருக்கிறது. டைப்பிஸ்ட் அம்மாவின் வேலையும் இருக்கிறது, வக்கீல்தான் இரண்டு மாதம் அவளிடம் சைகையிலேயே பேசினார். ஆவண அறைக் கதவை மட்டும் அவள் இப்போது சாத்துவதில்லை.

நேற்று ஒருவர் உயில் எழுத வந்தார். “நான்...” என்று ஆரம்பித்துத் தயங்கினார். அவர் சொல்வதற்குள் அவள் விரல்கள் அடுத்த சொல்லை அடித்துவிட்டன, அதற்கு அடுத்ததையும். நிமிர்ந்து பார்த்தாள். அவர் வாய் இன்னும் மூடியே இருந்தது. உள்ளே இரும்பு அலமாரிகளின் பக்கமிருந்துதான் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள், நிறுத்தி நிதானமாக, நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு.