சனிக்கிழமை ஏறிய எழுநூறு

அந்தத் திங்கட்கிழமை காலையில் யசோதரா வங்கிக்குப் போனது பணம் எடுப்பதற்காகத்தான். அங்கிருந்து நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போக வேண்டும். வேன் வாடகை, மாலை, அது இது என்று செலவு வரும், கையில் கொஞ்சம் இருக்கட்டும் என்று கொழுந்தன் அசோகன் சொல்லியிருந்தான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

அவள் புருஷன் அறிவு திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் சரக்கு எண்ணி எழுதும் வேலையில் இருந்தான். பல வருஷம் காண்டிராக்டில் இருந்தவனை அந்த ஐப்பசியில்தான் நிரந்தரம் ஆக்கினார்கள். அந்தச் சந்தோஷத்தில் போன செவ்வாய்க்கிழமை கூட வேலை பார்க்கும் மூன்று பேரை ராயபுரத்தில் ஒரு ஏசி ஓட்டலுக்கு அழைத்துப் போனான். கொட்டுகிற மழை. சாப்பிட்டு முடித்து ஓட்டலிலேயே நான்கு பேரும் பிரிந்தார்கள். மற்ற மூவரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். எம்.கே.பி. நகருக்கு வர வேண்டிய அறிவு மட்டும் வரவில்லை.

வியாழக்கிழமை வங்கியில் விசாரித்தார்கள். அறிவின் சம்பளக் கணக்கு இருவர் பெயரிலும் இருந்தது. செவ்வாய் ராத்திரி அதே ஓட்டலில் அறுநூற்று நாற்பது ரூபாய்க்குக் கார்டு தேய்த்திருக்கிறார், அந்தப் பணம் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை என்றார்கள். கார்டை நிறுத்தி வைக்கட்டுமா என்று கேட்டதற்கு யசோதரா வேண்டாம் என்றாள். எங்கேயாவது மாட்டிக்கொண்டிருந்தால் அவன் கையில் வேறு பணம் ஏது?

அதே வியாழக்கிழமைதான் எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு ஆண் பிணம் ஒதுங்கியது. தண்ணீரில் ஊறிப்போயிருந்தது, முகம் தெரியவில்லை, சட்டைப்பையில் ஒன்றும் இல்லை. ஸ்டேஷனிலிருந்து சேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் அசோகனுக்கு வந்தது.

இதற்காகத்தான் திங்கட்கிழமை வங்கிக்கு வந்தாள். ஜன்னலுக்குள் இருந்த பெண் பாஸ்புக்கை மெஷினில் விட்டு, டரக் டரக்கென்று அச்சடித்து வெளியே தள்ளினாள். யசோதரா கடைசி வரியைப் பார்த்தாள். அந்த ஓட்டல் பெயர். எழுநூறு ரூபாய். தேதி, சனிக்கிழமை.

"மேடம், இது எப்ப எடுத்தது?"

"சனிக்கிழமைதான் ஏறியிருக்கும்மா."

பின்னால் வரிசை நீண்டிருந்தது. யசோதரா அதற்கு மேல் கேட்கவில்லை. அறுநூற்று நாற்பது எங்கே என்று கண் தேடியது. அதை இன்னும் எழுதவில்லை போலிருக்கிறது, மெல்ல எழுதுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது வேறு தொகை, இது வேறு தொகை. அது செவ்வாய், இது சனி. வியாழக்கிழமை செத்து ஒதுங்கியவன் சனிக்கிழமை எப்படிச் சாப்பிடுவான்?

வெளியே ஆட்டோவோடு நின்றிருந்த அசோகனிடம் பாஸ்புக்கை நீட்டினாள்.

"அது உங்க அண்ணன் இல்ல அசோகா. பாரு. சனிக்கிழமை அங்க வந்துகீறாரு."

அசோகன் அந்த வரியை விரலால் தடவிப் படித்தான். பிறகு சாலையோரம் அப்படியே குந்தி உட்கார்ந்து அழுதான். "அண்ணன் உசுரோட கீறாரா அண்ணி? நெஜமாவா?" என்றான். ஸ்டேஷனில் பாஸ்புக்கைப் பார்த்த போலீஸ்காரர் செல்வத்துக்கும் பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. "அப்ப இது வேற எவனோ. நீங்க ஆளைத் தேடுங்க" என்று விட்டுவிட்டார்.

அன்று மதியமே யசோதரா அந்த ஓட்டலுக்குப் போனாள்.

மாடியில் இருந்தது ஏசி ஹால். அவள் வாசலைப் பார்த்த மாதிரி ஒரு மேஜையில் உட்கார்ந்து டீ சொன்னாள். கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் ஈரக்காற்றும் கருவாட்டு வாசமும் உள்ளே வந்தன. வந்தவர்கள் துறைமுகத்து ஆட்கள், லாரி ஆபீஸ்காரர்கள், குடும்பங்கள். எதிர்ச்சுவரில் கை கழுவும் இடத்துக்கு மேலே ஒரு கண்ணாடி. அதில் குனிந்து முகம் கழுவுகிறவன் ஒவ்வொருவனும் நிமிரும் வரைக்கும் அறிவாக இருந்தான். நிமிர்ந்ததும் வேறு யாரோ ஆனான்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். யாரையும் எதையும் கேட்கவில்லை. கல்லாவில் இருக்கும் பெண்ணிடம் பாஸ்புக்கைக் காட்டினால் போதும். ஆனால் கேட்டால் ஏதாவது பதில் சொல்லிவிடுவார்கள். பதில் வராதவரை அவன் சனிக்கிழமை இங்கே உட்கார்ந்து எழுநூறு ரூபாய்க்குச் சாப்பிட்டவன்தான். யாரோடு சாப்பிட்டான்? ஒரு பொம்பளையோடு இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். மண்டையில் அடிபட்டு வீடு மறந்திருக்கலாம். அப்படியென்றால் நாக்கு ருசி கண்ட இடத்துக்குத் திரும்ப வருவான். ராத்திரிகளில் கதவைத் தாழ் போடாமல் படுத்தாள். ஹவுசிங் போர்டு படிக்கட்டில் யார் ஏறினாலும் அது அவன் செருப்புச் சத்தம். இரண்டாவது மாடி வரை ஏறி வரும். அப்புறம் நின்றுவிடும்.

ஒருநாள் இருட்டில் அவள் பக்கத்தில் ஈரத் துணி வாசம் அடித்தது. கையை நீட்டித் தடவினாள். பாய் காய்ந்துதான் இருந்தது. பயம் வரவில்லை. "எங்க கீற, சொல்லேன்" என்று மட்டும் கேட்டாள்.

ஓட்டல்காரர்கள் அவளைக் கவனிக்காமல் இல்லை. கல்லாவில் இருந்தவள் ரோஸ்மேரி, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு மதியம், கூட்டம் கலைந்ததும் எழுந்து வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. தினம் வர்றீங்க, டீ ஆறிப்போயி அப்படியே இருக்கு. யாருக்காகக் காத்திருக்கீங்க?"

அந்தக் கேள்வி வேவு பார்ப்பதாக இல்லை. யசோதராவின் கை தானாகவே பையைத் திறந்தது. பாஸ்புக்கை எடுத்து அந்த வரியில் விரலை வைத்தாள்.

"எங்க வூட்டுக்காரு. செவ்வாக்கெழமை இங்க சாப்ட்டாரு, அப்புறம் ஆளக் காணோம். ஆனா சனிக்கெழமை திரும்ப வந்துகீறாரு. நீங்க பாத்தீங்களா?"

ரோஸ்மேரி வரியைப் படித்தாள். அவள் முகம் மெல்ல மாறியதை யசோதரா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏன் கொடுத்தோம் என்று இருந்தது. பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

"செவ்வாக்கிழமை எவ்வளவுக்குன்னு பேங்க்குல சொன்னாங்களாக்கா?"

"அறநூத்தி நாப்பது."

ரோஸ்மேரி எழுந்து போனாள். ஒரு தகரப் பெட்டியோடு வந்து, கட்டுக்கட்டாக ரப்பர் பேண்டு போட்டிருந்த சீட்டுகளைப் புரட்டி ஒன்றை உருவி மேஜைமேல் வைத்தாள். மெஷினில் வந்த மெல்லிய சீட்டு. அச்செழுத்தில் செவ்வாய்க்கிழமைத் தேதி, 640. அதற்குக் கீழே டிப்ஸ் என்று ஒரு கோடு, மொத்தம் என்று ஒரு கோடு. இரண்டையும் பேனாவால் நிரப்பியிருந்தது. 60. 700. அதற்கும் கீழே கையெழுத்து.

அந்தக் கையெழுத்தை யசோதரா ரேஷன் கார்டிலும் வங்கிக் கணக்கு தொடங்கிய காகிதத்திலும் பார்த்திருக்கிறாள்.

"கார்டைத் தேய்க்கும்போது பில் தொகைக்கு பேங்க்குல அனுமதி வாங்குவோம்க்கா. அப்ப அதை ஒதுக்கி வைப்பாங்க, எடுக்க மாட்டாங்க. கையெழுத்துப் போடும்போது அவரு டிப்ஸ் எழுதினாருன்னா, நான் அதையும் மெஷின்ல சேர்த்து, கணக்கு முடிச்சு அனுப்புவேன். அப்புறம்தான் பேங்க்கு எழுநூறா எடுக்கும். ஒதுக்கினதை விட்டுடும். அது தனிச் சாப்பாடு இல்ல. ரெண்டும் ஒண்ணுதான்."

"செவ்வாக்கெழமை எழுதினது சனிக்கெழமை எப்படி வரும்?"

"அன்னைக்கே அனுப்பியிருக்கணும். அவரு கிளம்பின கொஞ்ச நேரத்துல மழையில போன் லைன் போயிடுச்சு. இந்த மெஷின் போன் லைன்லதான் பேசும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லைன் வந்தப்புறம் மொத்தமா அனுப்பினேன். மறுநாள் உங்க கணக்குல ஏறியிருக்கு." கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்: "சனிக்கிழமை அவரு வரலக்கா."

யசோதரா சீட்டில் இருந்த 60-ஐப் பார்த்தபடி, ரொம்பச் சாதாரணமாக, "அவரு டிப்ஸ் வெக்கற ஆளே இல்லியே" என்றாள்.

ரோஸ்மேரி திரும்பி, மேஜை துடைத்துக்கொண்டிருந்த இன்னாசியைக் கூப்பிட்டுச் சீட்டைக் காட்டினாள். இன்னாசி காசிமேட்டுக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். சீட்டைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நெனப்பு கீதும்மா. நாலு பேரு வந்தாங்கோ. மத்தவங்க கீழ எறங்கிட்டாங்கோ, இவரு மட்டும் நின்னு ஒரு பிரியாணி பார்சல் சொன்னாரு. பில்லுல அதுவும் சேத்திதான். மழை பேயா ஊத்துது, செத்த நேரம் குந்துங்க சார்னேன். வூட்டுக்காரம்மா தூங்கிடும், சூடா குடுக்கணும்னாரு. நான் நாலு கவரு சுத்தி, தண்ணி பூந்துடாம கயிறு போட்டுக் குட்த்தேன். அதுக்குத்தான் அறுவது எழுதினாரு. வாணாம்னேன். இன்னிக்கு நம்ம நாளு, வெச்சுக்கன்னாரு."

"எந்தப் பக்கம் போனாரு?"

"பஸ்ஸு இல்ல, கொருக்குப்பேட்டை வழியா நடந்தே பூட்றேன்னு சொல்லிக்கினே எறங்கினாரு."

கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையைத் தாண்டினால் கால்வாய். அந்த ராத்திரி கால்வாய் எது, ரோடு எது என்று தெரியாமல் ஒரே தண்ணீராக ஓடியதை எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீர் வடக்கே எண்ணூருக்குத்தான் போகிறது. யசோதராவுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் தானாகப் போய் விழுந்திருப்பான் என்று பிளாக்கில் ஒருத்தி குசுகுசுத்தது மட்டும் நினைவுக்கு வந்தது. பிரியாணி வாங்கிக்கொண்டு யாராவது அப்படிப் போவார்களா?

சீட்டைக் கொடுப்பீர்களா என்று கேட்டாள். அது கடைக் காப்பி, மூலத்தைக் கொடுக்கக்கூடாது என்று ரோஸ்மேரி கண் கலங்கிச் சொன்னாள். கீழே ஜெராக்ஸ் கடையில் தானே காசு கொடுத்து நகல் எடுத்து வந்தாள். யசோதரா அதை மடிக்காமல் பாஸ்புக்குக்குள் வைத்துக்கொண்டு, தெருமுனைப் போனில் அசோகனைக் கூப்பிட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு வந்துரு."

"இன்னா அண்ணி, அண்ணன்..."

"வா."

கேட்க ஆளில்லாத பிணம் என்று அடக்கத்துக்கு எடுத்துப் போக மறுநாள் ஆள் வருவதாக இருந்தது. பிணவறைக்காரர் முகத்தை மூடி, கால் பக்கம் மட்டும் விலக்கினார். இடது கால் கட்டைவிரல் நகம் பாதிதான் இருந்தது. யார்டில் இரும்புக் கதவு இடித்துப் போன நகம். அசோகன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். யசோதரா அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு பிடித்தும் அது சூடாகவில்லை.

"நான் அங்க ஏசியில குந்திகினு கதவைப் பாத்துகினு இருந்தேன் அசோகா," என்றாள். "இவரு இங்க படுத்துகினு கெடந்தாரு. வந்து கூட்டினு போவ ஆளில்லாம."

"உனக்கு எப்டி அண்ணி தெரியும்."

"வூட்டுக்கு வர்றேன்னுதான் வந்துகீறாரு."

வியாசர்பாடியிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். புத்த விகாரையிலிருந்து வந்தவர்கள் வெள்ளை உடுத்தி, மழையில் நனைந்தபடியே திரிசரணம் சொன்னார்கள். கூட விருந்து சாப்பிட்ட மூவரும் தோள் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவன், மழையில் தனியாக விட்டுப் போனோமே என்பதுபோல், கடைசிவரை யசோதராவின் கண்ணைப் பார்க்கவில்லை.

தை பிறந்து யார்டில் அவளுக்கே ஒரு வேலை போட்டுக் கொடுத்தார்கள். தினமும் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். சரக்கு ரயில் போய்க் கேட் திறந்ததும் சனம் நெருக்கியடித்துக்கொண்டு ஓடும். யசோதரா மட்டும் ஓரமாக ஒதுங்கி நிற்பாள். மழை இல்லாத நாளிலும் பின்னால் யாரோ நனைந்த செருப்போடு வேகமாக நடந்து வருவது கேட்கும். அந்த ஆளுக்கு வழி விட்டு, அவன் போன பிறகே நடப்பாள்.